நூற்பட்டியலை மொழிபெயர்க்காதீங்க

இந்த எபிசோடு ஒரு வாட்ஸப் போட்டோவில ஆரம்பிக்குது. காஞ்சிபுரத்துல தமிழ்ல முதுகலை ஆய்வேடு எழுதுற ஒரு தங்கச்சி, பட்டு நெசவு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒண்ணோட ரெண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தா. ஒண்ணு ஆய்வுச் சுருக்கம், இன்னொண்ணு நூற்பட்டியல். "அக்கா, ரெண்டையும் தமிழாக்கிக் கொடுங்க. திங்கட்கிழமை கைடு கேட்பார். அப்பாவுக்கும் படிச்சுக் காட்டணும்." அவங்க அப்பா தறியில உட்கார்றவர்.

நானும் உற்சாகமா ரெண்டையுமே மொழிபெயர்த்தேன். பட்டியல்ல இப்படி ஒரு நூல் இருந்தது:

```
Kawlra, Aarti. 2018. We Who Wove with Lotus Thread:
Summoning Community in South India.
Hyderabad: Orient BlackSwan.
```

இது பத்மசாலியர் நெசவாளர்களைப் பற்றிய புத்தகம். பத்மம்னா தாமரை, அதான் தலைப்புல தாமரை நூல். "தாமரை நூலால் நெய்த நாங்கள்"னு நான் தமிழாக்கினேன். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா அந்தப் பேர்ல எந்த நூலகத்துலயும் புத்தகம் கிடையாது. தேடினா ஒண்ணும் வராது. கைடு, "இந்த நூலை நீ பார்த்தியா?"ன்னு கேட்டா அந்தப் பொண்ணு என்ன காட்டுவா?

அப்பதான் புரிஞ்சது. ஆய்வுச் சுருக்கம் படிக்கிறவருக்கானது, அதனால அதை மொழிபெயர்க்கணும். நூற்பட்டியல் ஒரு முகவரி. தெருப் பேரை மொழிபெயர்த்தா தபால் போய்ச் சேராது. பட்டியல்ல ஆசிரியர் பேர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் எல்லாம் அச்சுல இருக்கிறபடியே நிற்கணும். வரிசையையும் மாத்தக் கூடாது. அது ரோமன் அகரவரிசை. தலைப்புக்குப் பொருள் சொல்லியே ஆகணும்னா, கட்டுரைக்குள்ள அந்த நூல் முதல்ல வர்ற இடத்துல தமிழ்ல ஒரு வரி சொல்லலாம். சுருக்கத்துக்கு நடுவுல அடைப்புக்குள்ள வர்ற `Kawlra 2018` மாதிரியான குறிப்புகளையும் ரோமன்லயே விடணும். அதைத் தமிழ்ல எழுதினா, படிக்கிறவர் பட்டியல்ல எந்த எழுத்துக்குக் கீழே தேடுவார்?

அடுத்தது போட்டோ. படத்துல இருந்து எழுத்தை எடுக்கிற வசதி போன்லயே இருக்கு. ஆனா புத்தகத்தோட நடுமடிப்புப் பக்கம் வரிகள் வளையும், அங்கதான் தப்பு வரும். எனக்கு `Kawlra` வந்தது `Kawira`ன்னு. எப்படிக் கண்டுபிடிச்சேன்? சுருக்கத்துல இருக்கிற ஒவ்வொரு பேரையும் ஆண்டையும் எடுத்து, பட்டியல்ல ஜோடி இருக்கான்னு பார்த்தேன். ஜோடி சேராத இடத்துல தப்பு இருந்தது. இன்னொரு இழப்பு, சாய்வெழுத்து. நூலின் பேரும் இதழின் பேரும் அச்சுல சாய்வா இருக்கும். எழுத்தை மட்டும் எடுக்கும்போது அது போயிடும், படத்தைப் பார்த்துக் கையால திரும்பப் போடணும். வரிக் கடைசியில சொல் உடைஞ்சா வர்ற சிறு கோடும் அப்படியே ஒட்டிக்கிட்டு வரும், அதை நீக்கணும்.

இனி கலைச்சொல். சுருக்கத்துல 'எண்ட்ஸ் பெர் இன்ச்'னு ஒரு அளவு. அகராதியைப் பார்த்து "அங்குலத்துக்கு இத்தனை முனைகள்"னு எழுதிட்டேன். 'ரீட்'டை "நாணல்"னு எழுதிட்டேன். தங்கச்சி அப்பாவுக்குப் படிச்சுக் காட்ட, அவர் சிரிச்சாராம். "நாணல் ஆத்துலதான் இருக்கும். தறியில இருக்கிறது அச்சு. முனையும் இல்லம்மா, பாவு இழை."

அதே சுருக்கத்துல, கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒண்ணோட ஒண்ணு பிணையிற முறைன்னு நீளமா ஒரு விளக்கம். பக்கத்துலயே `korvai`ன்னு ரோமன்ல ஒரு சொல். நான் அந்த விளக்கத்தை மட்டும் அழகா தமிழாக்கிட்டு, அந்தச் சொல்லை விட்டுட்டேன். அது கோர்வை. உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் ரெண்டுன்னு மூணு நாடா ஓட்டி நெய்யற வேலை. நெசவாளர் தன் வாயால சொல்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய், திரும்பி வரும்போது அவருக்கே அடையாளம் தெரியாம வந்திருந்தது.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. ரோமன்ல குறில் நெடில் பெரும்பாலும் தெரியாது. `petni`ன்னு இருந்தா அது பெட்னியா, பேட்னியா? முந்திக்கு வேற நிறப் பாவை உடல் பாவோட இணைக்கிற வேலைக்கான சொல் அது. அகராதியை நம்பி எழுதிடாம, தறி ஓட்டுறவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதணும். முதல் தடவை வர்ற இடத்துல மூலத்தின் ரோமன் வடிவத்தையும் பக்கத்துல வெச்சுட்டா, படிக்கிறவர் சரிபார்த்துக்கலாம்.

ஞாயிறு ராத்திரி கடைசியா ஒரு வேலை செஞ்சோம். பட்டியல்ல இருந்த ஒவ்வொரு தலைப்பையும் அப்படியே நகலெடுத்து நூலகத் தேடல்ல போட்டோம். கிடைக்காதது ரெண்டு. ரெண்டுமே நான் படத்துல இருந்து தப்பா எடுத்தவை. திருத்தின பிறகுதான் அவளுக்கு அனுப்பினேன்.