சிக்கரியைக் கூட்டாதீர்கள், விலையைச் சொல்லுங்கள்

கல்லாவுக்கு இந்தப் பக்கம் – 14

போன வாரம் கடன் நோட்டைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அதைவிடச் சங்கடமான வேலை: பல வருடமாக நம்மிடமே வாங்குகிறவர்களிடம் விலை ஏறுகிறது என்று சொல்வது. பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அதனால் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் ஒரு காப்பித்தூள் கடையை எடுத்துக்கொள்வோம். கடந்த சில வருடங்களில் இந்தச் சங்கடத்தைத் திரும்பத் திரும்பச் சந்தித்த தொழில் அது.

காப்பி விலை ஏன் ஏறியது என்பதைக் கடைக்காரர் முதலில் தனக்கே தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். அராபிகாவுக்கு நியூயார்க் சந்தை, ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தை. உலகின் பெரும்பகுதி வியாபாரம் இந்த இரண்டு விலைகளைப் பார்த்துத்தான் நடக்கிறது. பிரேசிலில் வறட்சி வந்தது. ரோபஸ்டா அதிகம் விளையும் வியட்நாமிலும் மழை பொய்த்தது. 1977-இல் எட்டிய உச்சத்தை அராபிகா விலை 2024 டிசம்பரில் தாண்டியது. 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரையும் கடந்தது.

உடனே ஒரு கேள்வி வரும். "குடகுல விளையற காப்பிக்கு, பிரேசில்ல மழை இல்லாட்டா என்ன தம்பி?" என்று வாடிக்கைக்கார அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். பதிலும் நேரானது. இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. வெளியில் நல்ல விலை கிடைக்கும்போது, சிக்மகளூர் தோட்டக்காரர் உள்ளூர் வியாபாரிக்கு மட்டும் குறைத்துக் கொடுக்க மாட்டார். "அவங்க ஏற்றுமதி செஞ்சா என்ன கிடைக்குமோ, அதைத்தான் எங்ககிட்டயும் கேக்கறாங்கம்மா." கடையில் இந்த ஒரு வாக்கியம் போதும். "உலகமே இப்படித்தாம்மா" என்று பொதுவாகச் சொன்னால், கடைக்காரர் எதையோ மறைக்கிறார் என்றுதான் கேட்பவருக்குப் படும்.

அடுத்தது கணக்கு. பச்சைக் கொட்டையை வறுத்தால் ஈரம் போய் எடை குறையும். வறுவலைப் பொறுத்து நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை போய்விடும். ஒரு கிலோ வறுத்த கொட்டைக்குச் சுமார் 1.2 கிலோ பச்சைக் கொட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். எண்பதுக்கு இருபது கலவையில், ஒரு கிலோ தூளில் 800 கிராம் காப்பி, 200 கிராம் சிக்கரி. அந்த 800 கிராமுக்கு 960 கிராம் பச்சைக் கொட்டை செலவாகிறது. அதாவது பச்சைக் கொட்டை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால், தூளின் அடக்கம் 96 காசு ஏறும்.

உதாரணத்துக்கு, பச்சைக் கொட்டை 350 ரூபாயிலிருந்து 470 ஆகிவிட்டது என்போம். முன்பு கொட்டைக்கு 336 ரூபாய், சிக்கரிக்கு 24, கேஸ், கரண்டு, கூலி, வாடகை, பாக்கெட் எல்லாமாக 120, லாபம் 60. ஆக, தூள் விலை கிலோ 540. இப்போது கொட்டைக்கே 451 ஆகிறது. சிக்கரி அதே 24. மற்றச் செலவுகள் 125 ஆகியிருக்கின்றன. லாபம் அதே 60 என்றால் விலை 660.

இந்த இடத்தில் கை நிற்க வேண்டும். லாபத்தைச் சதவீதத்தில் போட்டுப் பழகியவர் பழைய விகிதத்தையே போட்டு 675 என்று எழுதுவார். அந்த 15 ரூபாய், கொட்டை விலை ஏறியதைச் சாக்காக வைத்து எடுத்த லாபம். ஒரு மூட்டை வாங்க முன்பைவிடக் கூடுதல் பணம் முடங்குகிறது, அதனால் அதில் ஒரு பங்கு நியாயம்தான் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால் "செலவு ஏறின அளவுக்குத்தான் ஏத்தியிருக்கேன்" என்று வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால், அது கணக்கிலும் உண்மையாக இருக்க வேண்டும். ஏற்றுவது 120 ரூபாய். அதற்குமேல் இந்த முறை வேண்டாம்.

விலையைச் சொல்லப் பயந்தவர்களுக்கு எப்போதும் ஒரு குறுக்குவழி தெரியும்: சிக்கரியைக் கூட்டுவது. எண்பதுக்கு இருபதை எழுபதுக்கு முப்பது ஆக்கினால் கிலோவுக்கு ஏறக்குறைய 45 ரூபாய் மிச்சம். பார்த்தால் தூளில் பெரிய வித்தியாசம் தெரியாது. டிகாக்ஷன் இன்னும் கறுப்பாகவே இறங்கும். ஆனால் காலையில் முதல் டம்ளரைக் குடிப்பவருக்குத் தெரிந்துவிடும். மணம் குறைந்து, நாக்கின் அடியில் ஒரு கனமான கசப்பு நிற்கும். அவர் கடைக்கு வந்து சண்டை போட மாட்டார். முதலில் பால் மேல் சந்தேகப்படுவார், பிறகு பில்டர் மேல். கடைசியில் வேறு கடையில் கால் கிலோ வாங்கிப் பார்ப்பார். அதோடு அந்த வாடிக்கை போயிற்று. போன காரணமும் கடைக்காரருக்குத் தெரியாது.

சட்டமும் இருக்கிறது. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51-க்குக் குறையக் கூடாது. எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். எண்பதுக்கு இருபது என்று அச்சிட்ட பாக்கெட்டில் எழுபதுக்கு முப்பதைப் போட்டால், அது ஏமாற்று மட்டுமல்ல, குற்றமும்கூட.

ஆகவே சொல்லித்தான் ஏற்ற வேண்டும். எப்போது சொல்வது? மாத பட்ஜெட் போடும் வீடுகள்தான் காப்பித்தூள் கடையின் அடித்தளம். அதனால் புது விலை ஒன்றாம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரட்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். மெஸ், டீக்கடை, அலுவலகக் கேன்டீன் ஆகியவற்றுக்கு ஒரு மாத அவகாசம் தேவை. அவர்கள் தங்கள் டம்ளர் விலையை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். அவர்களுக்கும் வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள்.

முன்கூட்டிச் சொன்னால் எல்லோரும் பழைய விலைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம் வரும். இதற்கு வழி கடையின் பின்கட்டில் இருக்கிறது. பழைய விலைக்கு வாங்கிய பச்சைக் கொட்டை மூன்று மூட்டை மிச்சம் என்று வைப்போம். மூட்டைக்கு 50 கிலோ வீதம் 150 கிலோ. அதிலிருந்து ஏறக்குறைய 155 கிலோ தூள் வரும். வழக்கமாக வாங்கும் வீடுகளுக்கு, அவர்கள் வழக்கமாக வாங்கும் அளவு, பழைய விலையில் இன்னும் ஒரு தடவை என்று அதை ஒதுக்கிவிடலாம். அதற்குமேல் கேட்பவரிடம், "அரைச்ச தூள் ரொம்ப நாள் தாங்காதும்மா, வாசனை போயிடும்" என்று உள்ளதைச் சொல்லலாம். கைவசம் இருப்பது ஒரு மூட்டைதான் என்றால் இந்தச் சலுகையை அறிவிக்கவே கூடாது. அடுத்த மூட்டைக்கான பணம் கல்லாவில் இல்லாமல் போய்விடும்.

யாரிடம் முதலில் சொல்வது என்பதும் முக்கியம். கடை வாசலில் எழுதி வைப்பதற்கு முன், வாரம் தவறாமல் வருகிறவர்களிடம் வாயால் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவரும் இருபது வருட வாடிக்கையும் ஒரே போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், பழையவருக்கு மனசு விட்டுப்போகும். பில் போட்ட பிறகு கல்லாவில் தெரியவந்தால் இன்னும் மோசம். கடையில் நிற்கும் பையனுக்கும் காரணம், தொகை, தேதி மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியாது, முதலாளியைக் கேளுங்க" என்ற பதில் இத்தனை ஏற்பாட்டையும் கெடுத்துவிடும்.

வாட்ஸ்அப்பிலும் கடையிலும் வைக்கும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"வணக்கம். வரும் ஒன்றாம் தேதி முதல் நமது 80:20 காப்பித்தூள் கிலோ 540 ரூபாயிலிருந்து 660 ரூபாய் ஆகிறது. நாங்கள் வாங்கும் பச்சைக் கொட்டை கிலோவுக்கு 120 ரூபாய் ஏறியிருக்கிறது. கொட்டையின் தரத்தையும் கலவையையும் நாங்கள் மாற்றவில்லை. நீங்கள் வழக்கமாக வாங்கும் அளவை இந்த மாதக் கடைசி வரை ஒரு முறை பழைய விலையிலேயே வாங்கிக்கொள்ளலாம். குறைந்த விலையில் வேண்டுவோருக்கு 70:30 கலவை 615 ரூபாய்க்குக் கிடைக்கும்."

இதில் பழைய விலையும் புது விலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. காரணம் ஒரே வரியில் வந்துவிடுகிறது. மாறாதது எது என்பதும் இருக்கிறது. மன்னிப்பு இல்லை. தப்புச் செய்யாதபோது மன்னிப்புக் கேட்டால், கேட்பவருக்குத்தான் சந்தேகம் வரும். "டம்ளருக்கு ஒண்ணேகால் ரூபாய்கூட இல்லை" என்ற வரியும் இல்லை. டம்ளருக்குப் பத்து கிராம் என்றால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் மாதம் ஒரு கிலோ வாங்கும் வீட்டுக்கு 120 ரூபாய் கூடுகிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அதைச் சின்னதாக்கிக் காட்டுவது அவருடைய சிரமத்தை அலட்சியம் செய்வதாகும்.

அப்படிப்பட்டவருக்காகத்தான் அந்த எழுபதுக்கு முப்பது. ரகசியமாகச் செய்தால் ஏமாற்றாக இருந்த அதே கலவை, பெயரும் விலையும் சொல்லி வைக்கும்போது அவர் விரும்பி எடுக்கும் இன்னொரு சரக்காகிறது. இப்படி இறங்கி வர ஒரு படி இருந்தால், அவர் வேறு கடைக்குப் போக வேண்டியதில்லை. இதை விட்டுவிட்டு, பேரம் பேசுகிறவருக்கு மட்டும் காதோடு காதாக முப்பது ரூபாய் குறைப்பது பெரிய தவறு. கேட்காமல் முழு விலை கொடுத்தவர்தான் நம் மேல் அதிக நம்பிக்கை வைத்தவர். விஷயம் ஒரு நாள் அவர் காதுக்குப் போகத்தான் செய்யும்.

விலை ஏற்றம் எப்படிப் போனது என்பதை முதல் மாத விற்பனையை வைத்து முடிவு செய்ய முடியாது. பழைய விலையில் வாங்கியது அப்போதுதான் தீரும். இரண்டாம் மாதம் நோட்டைப் பாருங்கள். அரைக் கிலோ வாங்கியவர் கால் கிலோவுக்கு வந்தாரா? பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்தவர் இருபத்தைந்து நாளாகியும் வரவில்லையா? அளவு குறைந்தால் அவர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார் என்று பொருள். ஆளே வரவில்லை என்றால் கடையை மாற்றியிருக்கலாம். முன்னவருக்கு எழுபதுக்கு முப்பதைச் சொல்லிப் பார்க்கலாம். பின்னவருக்குப் போன் செய்து கேட்பதில் வெட்கமில்லை.

ஒரு கடமை பாக்கி இருக்கிறது. கொட்டை விலையைக் காரணமாகச் சொன்னவர், கொட்டை இறங்கும்போது தானும் இறங்க வேண்டும். 2025 பிப்ரவரி உச்சத்துக்குப் பிறகு அராபிகா சில மாதம் நன்றாக இறங்கி, அதன் பிறகு மறுபடி ஏறியது. ஒவ்வொரு அசைவுக்கும் விலையை மாற்றினால் யாருக்கும் நிம்மதி இருக்காது. அதனால், வாங்கும் விலை கிலோவுக்கு நாற்பது ரூபாய் இறங்கி, அடுத்த இரண்டு கொள்முதலிலும் அங்கேயே நின்றால் தானும் குறைப்பது என்று கடைக்காரர் தனக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். குறைக்கும்போதும் ஏற்றியபோது அனுப்பிய அதே ஆட்களுக்கு, அதே மாதிரி அறிவிப்பு போக வேண்டும். ஒரு முறை அப்படிக் குறைத்துக் காட்டிய கடை, அடுத்த தடவை ஏற்றும்போது காரணத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

அடுத்த வாரம்: எடை குறைந்தது என்று வாடிக்கைக்காரர் சொன்னால் தராசை எப்படிச் சோதிப்பது?

(தொடரும்)