வாடகை நட்டம் சம்பளத்தில் கழியுமா?

சென்ற வாரம் வாடகை வருமானத்தில் எந்தெந்தச் செலவைக் கழிக்கலாம் என்று பார்த்தோம். செலவு வாடகையை விஞ்சிவிட்டால் அந்த நட்டம் என்னாகும் என்பதை இந்த வாரம் பார்ப்போம். டெங்கிலில் குடியிருந்துகொண்டு, பக்கத்துச் சைபர்ஜெயாவில் அடுக்குமாடி வீடு வாங்கி மாணவர்களுக்கோ கம்பெனி ஊழியர்களுக்கோ விட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு உறவினர்களிடம் கேட்டால், "சம்பளத்திலேயே கழிக்கலாமே" என்பார்கள். அவர்கள் நாட்டில் அது உண்மைதான், ஆனால் எல்லை உண்டு. வீட்டுக்கடன் வட்டியால் வரும் வீட்டுச் சொத்து நட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரைதான் சம்பளத்தோடு ஈடுகட்டலாம். 2017-18 நிதியாண்டிலிருந்து இந்த உச்சவரம்பு நடப்பில் இருக்கிறது. மிஞ்சியதை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று, பின்னால் வரும் வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான். புதிய வரிமுறைக்கு மாறியவர்கள் ஒரு ரூபாயைக்கூடச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

நம் மலேசியாவில் விதி இன்னும் கடுமை. சாதாரணமாக வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு, வட்டியும் மற்றச் செலவுகளும் வாடகையைத் தாண்டினால் வாடகை வருமானம் பூஜ்யம் என்று நின்றுவிடும். மிச்ச நட்டம் சம்பளத்துக்கும் போகாது, அடுத்த ஆண்டுக்கும் போகாது. அத்தோடு முடிந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெங்கில் ஆசிரியை ஒருவர், ஆண்டுச் சம்பளம் 84,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைபர்ஜெயா வீட்டுக்கு மாத வாடகை 1,500, ஆண்டுக்கு 18,000. வங்கிக்குக் கட்டிய வட்டி 18,900. பராமரிப்புக் கட்டணம் 2,400. நில வரி, மதிப்பீட்டு வரி, தீக்காப்புறுதி எல்லாம் சேர்த்து 1,100. ஆக மொத்தச் செலவு 22,400, நட்டம் 4,400. அவர் பி.இ. படிவத்தில் வாடகை வருமானம் பூஜ்யம் என்று காட்டலாம். சம்பளம் 84,000 அப்படியே நிற்கும். அந்த 4,400 ரிங்கிட் அவருடைய சொந்தப் பணத்திலிருந்து போனதுதான். வரியில் அதற்கு எந்தப் பலனும் இல்லை.

இங்கே நடக்கும் பெரிய தவறு, மாதத் தவணை முழுவதையும் செலவாகக் காட்டுவது. தவணையில் முதலும் வட்டியும் கலந்திருக்கும். வட்டிக்குத்தான் கழிவு. அது எவ்வளவு என்று வங்கி தரும் ஆண்டுக் கடன் அறிக்கை தனியாகச் சொல்லும். அந்த எண்ணையே எடுங்கள். முதல் குடித்தனக்காரரைப் பிடிக்கக் கொடுத்த முகவர் கமிஷனும் முதல் வாடகை ஒப்பந்தத்தின் முத்திரைக் கட்டணமும் கழிவில் சேராது. அறிக்கையையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகள் பத்திரமாக வையுங்கள். தணிக்கையில் கேட்பது அவற்றைத்தான்.

நட்டத்துக்கு ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதே ஆசிரியைக்குக் கிள்ளானில் இன்னொரு குடியிருப்பு வீடு இருந்து, அதன் வாடகையில் செலவு போக 5,000 மிஞ்சுகிறது என்றால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 600 ரிங்கிட்டுக்கு மட்டும் வரி கட்டலாம். ஒரு வீட்டின் நட்டத்தை இன்னொரு வீட்டின் லாபம் தாங்குகிறது, சம்பளம் தாங்குவதில்லை.

சம்பளத்தைத் தொடும் வட்டிச் சலுகை இப்போது வேறொன்று உண்டு. அது குடியிருக்கும் வீட்டுக்கு. 2025 ஜனவரி 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முதல் வீட்டுக்கு, விலை 5 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் ஆண்டுக்கு 7,000 வரையும், அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை இருந்தால் 5,000 வரையும் வட்டியைக் கழிக்கலாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அந்த வீட்டிலிருந்து வருமானம் வரக் கூடாது.

மற்றக் கழிவுகள் போக வரிக்குரிய வருமானம் 76,000 உள்ளவர், 4,80,000 ரிங்கிட் வீட்டுக்கு ஆண்டில் 17,000 வட்டி கட்டியிருந்தாலும் கழிவது 7,000 தான். 70,000-க்கு மேலுள்ள 6,000-க்கு 19 விழுக்காடு, கீழுள்ள 1,000-க்கு 11 விழுக்காடு. ஆக மிச்சமாகும் வரி 1,250 ரிங்கிட். இதை நம்பி வீடு வாங்குவது சரியல்ல என்பது என் கருத்து. ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவருக்கு அது உதவி, அவ்வளவே. வாடகைக்கு விடுவதற்காக வாங்குகிறவரோ, வட்டியும் பராமரிப்புக் கட்டணமும் வாடகையைத் தாண்டுமானால், அந்த இடைவெளியை மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து முழுதாகப் போட முடியுமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.