வாடகைக்கான பின்திகதிக் காசோலை திரும்பினால்

ஒன்ராறியோ மாகாணத்தில் வீடு வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களுட் பல, ஓராண்டுக்குரிய பன்னிரண்டு காசோலைகளையும் முதல் நாளிலேயே எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த மாதத்தின் முதலாந் திகதி இடப்பட்டிருக்கும். இவ்வாறு கொடுப்பது சட்டத்தின் கட்டாயம் எனப் பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. 2006ஆம் ஆண்டின் வதிவிட வாடகைச் சட்டம், பின்திகதியிட்ட காசோலைகளையோ கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஏற்பாட்டையோ உரிமையாளர் கட்டாயமாகக் கோருவதைத் தடைசெய்கிறது. ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதிக் கையொப்பம் பெற்றிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. வாடகையாளர் தாமாக விரும்பிக் கொடுப்பதற்கு மட்டும் தடையில்லை.

விரும்பிக் கொடுத்த காசோலைகளுள் ஒன்று திரும்பினால் நடப்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் மாத வாடகை 1,900 டொலர். யூன் 30ஆந் திகதி வாகனக் காப்புறுதிக்கான தொகை கணக்கிலிருந்து கழிக்கப்பட, எஞ்சிய இருப்பு 1,840 டொலர். யூலை முதலாந் திகதி கனடா தினம்; வங்கி விடுமுறை. மறுநாள் உரிமையாளர் வைப்பிலிட்ட காசோலை கணக்குக்கு வருகிறது. குறைவது 60 டொலர் மட்டுமே. ஆயினும் இருக்கின்ற 1,840 டொலரைக் கொடுத்து மிகுதியைப் பின்னர் தரும் வழக்கம் வங்கிக்கு இல்லை. மேலதிகப்பற்று வசதியும் இல்லாதவிடத்து, காசோலை முழுமையாகத் திருப்பப்படும். வாடகையாளரின் கணக்குக் கூற்றில் NSF என்னும் எழுத்துகள் தோன்றும். அதன் பொருள் போதிய பணமில்லை என்பதாகும்.

இதற்கான கட்டணங்கள் இரு பக்கத்திலிருந்து வருகின்றன. முதலாவது, வாடகையாளரின் சொந்த வங்கி அறவிடுவது. பெரிய வங்கிகள் நெடுங்காலமாக இதற்கு ஏறத்தாழ 45 டொலரோ அதற்கு மேலோ அறவிட்டு வந்தன. தனிநபர் கணக்குகளில் 10 டொலருக்கு மேல் அறவிடக் கூடாது என்னும் கூட்டாட்சி ஒழுங்குவிதி 2026 மார்ச் 12ஆந் திகதியை நடைமுறைத் திகதியாகக் கொண்டது. மாகாணச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் சங்கங்களுக்கு அது பொருந்தாது. இரண்டாவது, உரிமையாளர் கோரக்கூடியது. அவருடைய வங்கி அவரிடம் உண்மையாக அறவிட்ட தொகையும், நிருவாகச் செலவாக ஆகக்கூடியது 20 டொலருமே அதில் அடங்கும். மேற்சொன்ன உரிமையாளரிடம் வங்கி 7 டொலர் அறவிட்டிருந்தால், அவர் கேட்கக்கூடியது 27 டொலர். திரும்பும் ஒவ்வொரு காசோலைக்கும் நூறு டொலர், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் பத்து டொலர் என்றெல்லாம் சில ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருப்பதுண்டு. அவற்றைச் செலுத்த வேண்டிய கடப்பாடு வாடகையாளருக்கு இல்லை.

கட்டணத்தை விடக் கவனிக்க வேண்டியது வாடகை நிலுவை. காசோலை திரும்பிய மாதத்துக்கு வாடகையே செலுத்தப்படவில்லை என்றே சட்டம் கொள்ளும். ஆகவே உரிமையாளர் N4 என்னும் படிவத்தைக் கொடுக்கலாம். அதில் நிலுவைத் தொகையும், வாடகை உறவு முடிவுறும் திகதி என ஒரு திகதியும் குறிக்கப்பட்டிருக்கும். அத்திகதியைக் கண்டு அன்றே வீட்டை விட்டு வெளியேற வேண்டும் எனச் சிலர் அஞ்சிப் பொருட்களைக் கட்டத் தொடங்கிவிடுகின்றனர். அது தேவையற்றது. அத்திகதிக்குள் நிலுவையையும், இடையில் அடுத்த மாத வாடகை வந்துவிட்டால் அதனையும் முழுமையாகச் செலுத்தினால் அந்த அறிவித்தல் வலுவிழந்துவிடும். N4 படிவம் வாடகைக்கு மட்டும் உரியது. 27 டொலர் வாடகையன்று, ஆதலால் அதனை அந்தப் படிவத்தின் தொகையில் சேர்க்க முடியாது. சேர்த்திருப்பின் அறிவித்தல் குறைபாடுடையதெனச் சபை முன்னிலையில் வாதிட இடமுண்டு. ஆனால் அவ்வாதத்தை நம்பி வாடகையைச் செலுத்தாதிருப்பது ஆபத்தான சூதாட்டம்.

பணம் செலுத்தப்படாவிடின், உரிமையாளர் வீட்டு உரிமையாளர் வாடகையாளர் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தில் திரும்பிய காசோலைக்கான செலவையும் கோர முடியும். அப்போதும் கட்டளை பிறக்குமுன் நிலுவை முழுவதையும் உரிமையாளர் கட்டிய விண்ணப்பக் கட்டணத்தையும் செலுத்தினால் வழக்கு நிறுத்தப்படும். வெளியேற்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரம் நீதிமன்ற அமலாக்க அலுவலரான ஷெரிபுக்கு மட்டுமே உண்டு. உரிமையாளர் தாமே பூட்டை மாற்றுவது சட்டவிரோதம்.

ஆகவே ஒருமுறை திரும்பிய காசோலை, பணத்தால் சீர்செய்யக்கூடிய தவறு. திரும்பத் திரும்ப நிகழ்வது வேறு. வாடகையை வழமையாகவே தாமதித்துச் செலுத்துகிறார் என்னும் காரணத்தைக் காட்டி உரிமையாளர் N8 படிவத்தைக் கொடுக்கலாம். இவ்வறிவித்தலை நிலுவையைக் கட்டி இல்லாமற் செய்ய முடியாது. எத்தனை தடவை என ஓர் எண்ணும் சட்டத்தில் இல்லை. முன்னைய மாதங்களின் வரலாற்றைப் பார்த்துச் சபையே முடிவு செய்யும். மூன்று நான்கு மாதங்கள் காசோலை திரும்பி, ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்தில் பணம் கொடுத்துச் சமாளித்துவிட்டோம் என எண்ணும் குடும்பம் அறியாமல் சிக்கிக்கொள்வது இங்கேதான். சம்பளம் முதலாந் திகதிக்குப் பின்னர் வருவதாயின், வாடகை நாளை மாற்றிக்கொள்ள உரிமையாளருடன் எழுத்து மூலம் உடன்படுவதே தக்க வழி.

மற்றோர் அச்சத்தையும் இங்கே நீக்க வேண்டும். காசோலை திரும்புவதை இந்தியாவின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. இலங்கையிலும் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் அது குற்றமாகலாம். அந்நினைவோடு வந்தோர், பொலிசில் முறையிடுவேன் என உரிமையாளர் சொன்னதும் நடுங்குவதுண்டு. கனடாவில், பணம் போதாமையால் திரும்பிய வாடகைக் காசோலை பொதுவாகக் குடியியல் விடயமே. மூடிய கணக்கின் காசோலையை அறிந்தே கொடுத்து ஏமாற்றுவது போன்ற வஞ்சகம் இருந்தாலன்றிக் குற்றவியல் சட்டம் குறுக்கிடாது.

காசோலை திரும்பியதும் பெரும்பாலானோர் இணையவழிப் பரிமாற்றத்தால் வாடகையை உடனே அனுப்பிவிடுகின்றனர். அது சரியே, ஆனால் உரிமையாளர் அதே காசோலையை மீண்டும் வைப்பிலிட்டால் ஒரே வாடகை இருமுறை போய்விடும். எனவே, காசோலையை மீண்டும் வைப்பிலிட வேண்டாமென எழுத்தில் அறிவித்து, அதனைத் திரும்பப் பெற வேண்டும். இயலாவிடின் வங்கியில் கொடுப்பனவை நிறுத்தும் கட்டளை கொடுக்க வேண்டும். வங்கி அதற்கும் கட்டணம் பெறும். பற்றுச்சீட்டுக் கேட்டால் உரிமையாளர் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். திகதிக்கு முன்னரே காசோலை மாற்றப்பட்டிருந்தால், காசோலையிலுள்ள திகதிக்கு முந்திய நாளுக்குள் தமது வங்கிக்கு அறிவித்துப் பணத்தைக் கணக்கில் மீளச் சேர்க்கும்படி கோரலாம்.

மேற்கூறிய பாதுகாப்புகள் அனைவருக்கும் உரியனவல்ல. உரிமையாளருடனோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாருடனோ சமையலறையையோ குளியலறையையோ கட்டாயமாகப் பகிர்ந்து வாழ்வோருக்கு இச்சட்டம் பொருந்தாது. பேஸ்மென்ட் அறைகளில் தங்கியிருப்போர், தம்முடைய நிலை எது என்பதைக் காசோலைப் புத்தகத்தைத் திறக்குமுன் சமூகச் சட்ட உதவி நிலையமொன்றில் கேட்டறிவது நன்று. சபையின் விசாரணைக்கு அழைக்கப்பட்ட வாடகையாளர்கள், விசாரணை நாளில் கடமையிலுள்ள சட்ட ஆலோசகரின் இலவச உதவியையும் பெறலாம்.