புது ரவுட்டருக்குப் பழைய பெயர்

இன்டர்நெட் கம்பெனியை மாற்றிய அன்று ஃபோனும் லேப்டாப்பும் தகராறு செய்வதில்லை. புது பாஸ்வேர்டைப் போட்டால் ஓடிவிடும். சுவரில் தொங்கும் ஏசிக்குத்தான் பாஸ்வேர்டு போட இடமில்லை. ஆப்பைத் திறந்தால் ஏசி, வாஷிங் மெஷின், ஏர் பியூரிஃபையர் எல்லாமே ‘ஆஃப்லைன்’ என்று சாம்பல் பூத்துக் கிடக்கும். பலரும் உடனே அவற்றை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு முதலிலிருந்து சேர்க்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்த வேலையே தேவைப்படாது. நீக்கினால் டைமர், நேர அட்டவணை, வீட்டில் மற்றவர்கள் ஃபோனுக்குக் கொடுத்த அனுமதி எல்லாம் பல ஆப்களில் கூடவே போய்விடும்.

முதல் தடவை இணைக்கும்போது ஏசிக்குள் பதிவாவது இரண்டே விஷயம்: உங்கள் வைஃபையின் பெயர், அதன் பாஸ்வேர்டு. ரவுட்டர் எந்த கம்பெனி, எந்த மாடல் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் வந்ததும் அந்தப் பெயரைத் தேடும். கிடைத்தால் அந்த பாஸ்வேர்டைச் சொல்லி உள்ளே போகும். ஆகவே புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைத்துவிட்டால், ரவுட்டர் மாறியதே ஏசிக்குத் தெரியாது.

தாம்பரத்தில் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹாலில் ரவுட்டர், படுக்கையறையில் ஏசியும் பியூரிஃபையரும், பின்கட்டில் வாஷிங் மெஷின். பழைய வைஃபையின் பெயர் `Amma_Veedu`. ஃபைபர் மாற்ற வந்த பையன் புதுப் பெட்டியை மாட்டி, அவனாக ஒரு பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டான். “ரிமோட்லதான் ஓடுதே, அப்புறம் எதுக்குடா இன்டர்நெட்டு?” என்றார் அத்தை. நியாயமான கேள்விதான். வைஃபை செத்தாலும் ரிமோட் வேலை செய்யும், ஏசி குளிர்விக்கும். ஆனால் வேலைக்குப் போகும் மருமகள் ரயிலில் வரும்போதே ஏசியைப் போட்டுப் பழகியவர்.

பழைய பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. ஆனால் பழைய வைஃபையில் இருந்த ஃபோனில் அது அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் வைஃபை செட்டிங்கில் சேமித்த நெட்வொர்க்குகளுக்குப் போய், பழைய பெயரைத் தொட்டு, ‘ஷேர்’ கொடுத்தால் க்யூஆர் கோடு வரும். பல ஃபோன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் தெரியும். ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல் வைஃபை பக்கத்தில் ‘எடிட்’ தொட்டுப் பார்க்கலாம். இதைப் பார்க்கும் முன் பழைய நெட்வொர்க்கை ஃபோனிலிருந்து அழித்துவிடக் கூடாது.

அடுத்து ரவுட்டரின் செட்டிங் பக்கம். பல ரவுட்டர்களுக்கு பிரவுசரில் `192.168.1.1` என்று அடிக்க வேண்டும், ஜியோஃபைபருக்கு `192.168.29.1`. லாகின் விவரம் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். அங்கே 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை இருக்கும். வீட்டுச் சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். அதன் சிப் மலிவு, சுவர் தாண்டிப் போகும் சக்தியும் அதற்கு அதிகம். எனவே பழைய பெயரை 2.4-க்கு வைப்பதுதான் முக்கியம். 5-க்கு எந்தப் பெயர் இருந்தாலும் ஏசி கவலைப்படாது.

இங்கேதான் ஒரு எழுத்து மொத்த வேலையையும் கெடுக்கும். முதலில் `Amma_veedu` என்று சின்ன v போட்டுச் சேமித்தார்கள், எதுவும் திரும்பி வரவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் இருக்கும் கோடு எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். ஃபோனில் டைப் செய்தால் கீபோர்டு தானாகக் கடைசியில் ஓர் இடைவெளி விட்டுவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, ஏசிக்குத் தெரியும். V-யைத் திருத்தி, ஏசி, பியூரிஃபையர் இரண்டின் ஸ்விட்சையும் அணைத்து, சில நிமிடம் கழித்துப் போட்டதும் இரண்டும் ஆப்பில் உயிர்பெற்றன.

வாஷிங் மெஷின் வரவில்லை. பின்கட்டில் ஃபோனைப் பிடித்துப் பார்த்தால் சிக்னல் நன்றாகவே இருந்தது. எனவே தூரம் காரணமில்லை. ரவுட்டரில் பாதுகாப்பு வகை ‘WPA2/WPA3’ கலவையாக இருந்தது. சில வருடங்களுக்கு முன் வந்த சாதனங்கள் சில இந்தக் கலவையைக் கண்டால் தடுமாறும். WPA3 மட்டும் என்று இருந்தால் பழையவை உள்ளேயே வராது. `WPA2-PSK` என்று மாற்றியதும் மெஷினின் வைஃபை விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது.

புதுப் பெயர்தான் வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தால் அதற்கும் வழி உண்டு. ரவுட்டரில் விருந்தினர் வைஃபை வசதி இருந்தால், அதை 2.4-இல் மட்டும் போட்டு, பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கு வைத்துவிடலாம். ஃபோனும் டிவியும் புதுப் பெயரில், ஏசி வகையறா பழைய பெயரில். ஆப் பேசுவது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகத்தான் என்பதால் இரண்டும் வேறு வேறு வைஃபையில் இருப்பது பெரிய தடையில்லை. சில ரவுட்டர்கள் விருந்தினர் வைஃபையைச் சில மணி நேரத்தில் தானாக அணைத்துவிடும், அந்த நேர வரம்பை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

பழைய பாஸ்வேர்டு எங்குமே கிடைக்கவில்லை என்றால்தான் மறுபடி இணைக்கும் வேலை. அப்போதும் ஆப்பில் ‘நெட்வொர்க்கை மாற்று’ போன்ற வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் புதிதாகச் சேருங்கள். சாதனத்தில் வைஃபைக்கான பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாகச் சிமிட்டும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்ப்பதே வழி. பல சாதனங்கள் அந்த நேரத்தில் தாங்களே ஒரு சின்ன வைஃபையைப் பரப்பும். ஃபோன் அதில் ஏறி, வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்.

கெடுவது அந்தச் சில விநாடிகளில்தான். சாதனத்தின் வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. ஃபோன் அதைக் கண்டுபிடித்து மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் பாதியில் தொங்கும். டேட்டாவைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, ‘இன்டர்நெட் இல்லை, தொடரலாமா’ என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் லொகேஷனும், ஐஃபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியும் ஆப்புக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் சாதனமே அதன் கண்ணில் படாது. இன்னொன்று, ஃபோன் அப்போது 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில ஆப்கள் அந்தப் பெயரையே தானாக நிரப்பிவிடும். பியூரிஃபையர் இல்லாத ஊரைத் தேடி அலையும். ஃபோனை முதலில் 2.4-க்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏசி அடிக்கடி ஆஃப்லைன் என்று காட்டினால் ரவுட்டரைத் திட்டும் முன் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். நம் வீடுகளில் காலையில் எழுந்ததும் ஏசியின் மெயின் ஸ்விட்சை அணைப்பது பழக்கம். அதோடு வைஃபையும் அணைந்துவிடும், ரயிலில் வரும் மருமகளால் ஒன்றும் செய்ய முடியாது. வாஷிங் மெஷின் விஷயம் வேறு: துணியைப் போட்டு, கதவை மூடி, மெஷினில் ‘ரிமோட் ஸ்டார்ட்’ பட்டனை ஒவ்வொரு முறையும் ஒருவர் கையால் அழுத்தினால்தான் பல மாடல்கள் வெளியிலிருந்து ஓடும். கதவைத் திறந்தால் அந்த அனுமதி ரத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மெஷின் தானாகச் சுழலக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது, வைஃபை கோளாறு இல்லை.