இரண்டு துளையிலும் எரிந்த டெஸ்டர்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து திருத்தணி வழக்கமான நிலைக்குத் திரும்பியிருந்த ஒரு திங்கட்கிழமை. எட்டாம் வகுப்பு அறையில் மின்விசிறி ஓடவில்லை, டியூப்லைட்டும் எரியவில்லை. பக்கத்து அறைகளில் எல்லாம் சரியாக இருந்தன. மேசை இழுப்பறையிலிருந்த டெஸ்டரை எடுத்துச் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டின் வலது துளையில் வைத்தேன். எரிந்தது. ‘மின்சாரம் வருகிறதே’ என்று நினைத்தபடி இடது துளையிலும் வைத்துப் பார்த்தேன். அதிலும் எரிந்தது. அது நியூட்ரல் துளை. அங்கே எரியக் கூடாது.

முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், ரெண்டுலயும் கரண்ட் வருது. அப்ப ஃபேன் டபுளா இல்ல சுத்தணும்?”

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தமிழோ தெலுங்கோ, மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டையும் அவர்கள் ‘கரண்ட்’ என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படித்தான். அவளுடைய கேள்வியின் சிக்கல் அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் இருந்தது.

டெஸ்டருக்குள் ஒரு சிறிய நியான் விளக்கும், அதனுடன் தொடரிணைப்பில் ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் மின்தடையும் உள்ளன. நுனி கம்பியைத் தொடுகிறது, பின்பக்க உலோகத்தை நம் விரல் தொடுகிறது. கம்பியிலிருந்து டெஸ்டர், நம் உடல், தரை என்ற வழியில் கால் மில்லிஆம்பியர் அளவுகூட ஓடாத மின்னோட்டமே அந்த விளக்கை எரியவைக்கிறது. எனவே டெஸ்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கம்பிக்கும் தரைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கிறதா? சுற்று முழுமையாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

நியூட்ரலில் டெஸ்டர் வழக்கமாக ஏன் எரிவதில்லை? மின்மாற்றியில் நியூட்ரல் தரையோடு இணைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அந்த இணைப்பு நம் அறைவரை அறுபடாமல் வந்தால், நியூட்ரல் தரையின் மின்னழுத்தத்தையொட்டியே நிற்கும். வழியில் எங்காவது விட்டுப்போனால் அதைத் தரையில் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

ஆனால் விட்டுப்போன கம்பியில் 230 வோல்ட் எங்கிருந்து வந்தது? மின்விசிறி வழியாகத்தான். அதன் சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருந்ததால், பேஸ் கம்பி விசிறியின் சுருளைக் கடந்து நியூட்ரல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கணக்கு எளிதாக இருக்க, விசிறிக்குப் பதில் 60 வாட் குண்டு பல்பு என்று வைத்துக்கொள்வோம். எரியும் நிலையில் அதன் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். நியூட்ரல் அறுந்தபின் பல்பும் டெஸ்டரும் தொடரிணைப்பாகின்றன. 230 வோல்ட்டைப் பத்து லட்சம் ஓமால் வகுத்தால் 0.23 மில்லிஆம்பியர். அது 880 ஓமைக் கடக்கும்போது இழக்கும் மின்னழுத்தம் வெறும் 0.2 வோல்ட். மீதி முழுவதும் நியூட்ரல் கம்பியில்! இரண்டு துளைகளிலும் ஒரே மின்னழுத்தம் இருப்பதால் அவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் மின்னோட்டம் இல்லை, விசிறி ஓடவில்லை.

இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது எனக்கே ஒரு கணம் உறைத்தது. டெஸ்டர் இருக்கும் இடத்தில் ஒரு மனிதனை வைத்துப் பாருங்கள். உடலின் மின்தடையை 1500 ஓம் என்று கொண்டால், 230-ஐ 2380-ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 97 மில்லிஆம்பியர். உயிரைப் பறிக்கப் போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி.யோ ப்யூஸோ இந்த அளவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. ‘ஃபேன் ஓடலை, கரண்ட் இல்லை’ என்று எண்ணிக் கறுப்புக் கம்பியைக் கையால் தொடுபவருக்கு நேர்வது இதுதான்.

அறையைப் பூட்டிவிட்டு எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவர் எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. “எல்லா சுவிட்சையும் அணைங்க சார்” என்றார். அணைத்ததும் இடது துளையில் டெஸ்டர் எரிவது நின்றுவிட்டது. விசிறி சுவிட்சை மட்டும் போட்டார், மறுபடி எரிந்தது. “நியூட்ரல் கட்டு சார்.” பிறகு மல்டிமீட்டரை வைத்தார். இரண்டு துளைகளுக்கிடையே ஏறக்குறைய சுழி. வலது துளைக்கும் மேலேயுள்ள எர்த் துளைக்கும் இடையே 230-ஐ ஒட்டி. இடது துளைக்கும் எர்த்துக்கும் அதே அளவு.

“சுவிட்ச் எல்லாம் அணைச்ச பிறகும் எரிஞ்சா என்னண்ணே?” என்று கேட்டேன்.

“பளிச்சுனு எரிஞ்சா எங்கயோ பேஸ், நியூட்ரலோட ஒட்டியிருக்கு, இல்ல யாரோ மாத்திக் கொடுத்திருக்காங்க. மங்கலா எரிஞ்சா, பக்கத்துல ஓடுற பேஸ் கம்பியோட தூண்டலா இருக்கும். டெஸ்டரை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது சார்.” பேஸும் நியூட்ரலும் வெறுமனே இடம் மாறியிருந்தால் ஒரு துளையில் மட்டுமே எரியும், விசிறியும் ஓடும் என்பதையும் அவரே சொன்னார்.

மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். நியூட்ரல் லிங்க்கில் எங்கள் அறைக்கான அலுமினியக் கம்பியின் முனை கருகித் திருகிலிருந்து விலகியிருந்தது. திருகு தளர்ந்தால் தொடுமிடத்தில் மின்தடை கூடும், சூடேறும், சூட்டில் இன்னும் தளரும். கருகிய பகுதியை நறுக்கி, புதிதாகத் தோலுரித்து இறுக்கினார்.

நல்லவேளையாக, விலகியது ஒரே அறையின் நியூட்ரல். மும்முனை இணைப்புள்ள கட்டடத்தில் பொது நியூட்ரல் அறுந்தால் அறிகுறி வேறு. ஒரு பேஸில் 40 வாட் பல்பும் இன்னொன்றில் 200 வாட் பல்பும் மட்டும் இருந்தால், இரண்டும் 400 வோல்ட்டின் குறுக்கே தொடராக நின்றுவிடும். 40 வாட் பல்புக்கு 330 வோல்ட் அளவும், 200 வாட் பல்புக்கு 66 வோல்ட் அளவும் கிடைக்கும். ஓர் அறையில் விளக்கு கண்ணைப் பறிக்க, மற்றொன்றில் மினுக்கினால், உடனே மெயினை அணைக்க வேண்டும். கணினிகளும் தொலைக்காட்சியும் போவது இப்படித்தான்.

மறுநாள் இதையே இரண்டு டார்ச் செல்களை வைத்து வகுப்பில் செய்தோம். வீட்டு மின்சாரத்தில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டவே கூடாது. செல்களின் எதிர்முனைதான் எங்கள் ‘தரை’; மல்டிமீட்டரின் கறுப்பு முனையை அங்கே பொருத்திவிட்டோம். நேர்முனையிலிருந்து டார்ச் பல்பு, அதிலிருந்து திரும்பும் கம்பி. பல்பு எரியும்போது திரும்பும் கம்பியில் மீட்டர் சுழியை ஒட்டிக் காட்டியது. அந்தக் கம்பியை எதிர்முனையிலிருந்து விலக்கினோம். பல்பு அணைந்தது, மீட்டர் 3 வோல்ட்டுக்குத் தாவியது. பல்பைக் கழற்றியதும் மீண்டும் சுழி. எலக்ட்ரீஷியன் சுவிட்சை அணைத்துப் பார்த்த அதே சோதனைதான்.

கேள்வி கேட்ட மாணவி சற்று நேரம் அந்தக் கம்பியைப் பிடித்து விலக்கியும் சேர்த்தும் பார்த்தாள். “சார், அப்ப சுவிட்சைத் தப்பா நியூட்ரல்ல வெச்சுட்டா, அணைச்சாலும் பல்பு ஹோல்டர்ல ரெண்டு பக்கமும் இப்படித்தானே இருக்கும்?”

ஆம். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். காரணத்தை அன்றுதான் ஒரு மாணவி எனக்கு முன்பாகச் சொன்னாள்.