உங்களுக்குத் தெரியுமா? வெண்ணெயில் ஆஃப்பாயில் கருகுவது ஏன்?

வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர். கூடவே கொஞ்சம் பால் புரதமும் பால் சர்க்கரையும் உண்டு. கல்லில் போட்டதும் நுரைப்பது அந்தத் தண்ணீர் ஆவியாவதால்தான். நுரை அடங்கும் தருணத்தில் முட்டையை உடைத்து ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் பால் பொருள்கள் பொன்னிறம் தாண்டிக் கருகும், 175 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே புகையும் வரும். முட்டையின் அடியில் கறுப்புப் புள்ளிகளும் கசப்பும் இருந்தால் காரணம் இதுதான்.

நெய்யில் இந்தத் தொல்லை குறைவு. காய்ச்சும்போதே தண்ணீர் போய்விடுகிறது. சிவந்த கசடை வடிகட்டிவிடுகிறோம், அதன் மணம் மட்டும் நெய்யில் தங்குகிறது. சுமார் 250 டிகிரி வரை புகையாது. ஓரம் முறுகலாக, சரிகை போல வேண்டுமென்றால் நெய்யைச் சூடாக்கி அதில் முட்டையை ஊற்றலாம். சுத்திகரித்த கடலை எண்ணெயும் அந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் மணம் தராது. செக்கு நல்லெண்ணெய்க்கு மணம் உண்டு. சூட்டை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மென்மையான ஆஃப்பாயிலுக்குப் புகைநிலைக் கவலையே வேண்டாம். வெள்ளைக்கரு 80 டிகிரியிலேயே இறுகிவிடும். சிறு தீயில் வெண்ணெய்தான் என் தேர்வு.