கசங்கலுக்கும் ஒரு காரணம் வேண்டும்

செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தில் முகம் கச்சிதமாக இருக்கும், விரல்கள்கூட இப்போது ஐந்துக்கு ஐந்து சரியாக வந்துவிடுகின்றன. சட்டையைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். லினன் என்று கேட்டு வாங்கிய சட்டை ரெயின்கோட் போல வழுவழுவென்று நிற்கும். 'கசங்கலாக' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால், காலர் முதல் கீழ்விளிம்பு வரை ஒரே சீராகக் கசங்கிக் கிடக்கும். இரண்டையும் யாரும் உடுத்தியதில்லை.

பருத்தியும் லினனும் செல்லுலோஸ் இழைகள். அவற்றின் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துவைத்திருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டால் இந்தப் பிடி தளரும். உலர்ந்து ஆறும்போது துணி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி இறுகிக்கொள்ளும். இஸ்திரி மடிப்பு நிற்பது இதனால்தான். முழங்கை மடியும் இடத்தில் வியர்வையும் உடல்சூடும் சேர்ந்து கோடு போடுவதும் இதனால்தான். லினன் இழை விறைப்பானது, நீண்டு கொடுக்காது. ஆகவே அதன் கசங்கல் கூர்மையாகக் கோணம் கோணமாக விழும். மெல்லிய பருத்தியில் அதே கசங்கல் சற்று உருண்டு வரும்.

ஆக, கையை மடக்கும்போது உண்டாகி, நீட்டியதும் மறையும் தொய்வு ஒன்று. நீட்டிய பிறகும் தங்கிவிடும் தடம் இன்னொன்று. படத்தில் பெரும்பாலும் விடுபடுவது தடம்தான்.

ஓர் உதாரணம்: பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், வெளிர் நிற முழுக்கை லினன் சட்டை, காலையில் இஸ்திரி போட்டது, இப்போது மதியம். அந்தச் சட்டையின் அரைநாள் கதையை முதலில் தீர்மானித்துக்கொண்டால் கசங்கல் எங்கே என்பது தானே தெரியும். முழங்கையின் உட்புறம், அக்குள், வயிற்றுப்பகுதி, இடுப்பு. காலரும் மணிக்கட்டுப் பட்டியும் கேன்வாஸ் வைத்துத் தைத்தவை. அவை தட்டையாகவே இருக்கும். பட்டன் பட்டியும் துணி இரண்டு மூன்று அடுக்கானதால் அவ்வளவு கசங்காது. கேட்கும் விவரிப்பில் இவற்றை இடம் சொல்லி எழுத வேண்டும்:

```
seated man, off-white linen shirt ironed this morning,
sharp creases inside elbows and across the waist,
flat collar and placket, window light from left
```

இதிலும் மெல்லிய கோடுகள் சரியாக வராது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாதிரிகள் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கிவைத்துத்தான் வரைகின்றன. நான்கு பிக்சல் அகலக் கசங்கல் அங்கே ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது. எனவே முழங்கையை மட்டும் மறைப்பு போட்டுத் தேர்ந்து, அந்தத் துண்டைப் பெரிதாக்கி மறுபடி வரையச் சொல்ல வேண்டும். AUTOMATIC1111-இல் இதற்கு `Only masked` என்ற தேர்வு உண்டு. `Denoising strength` 0.4 அல்லது 0.5 பொதுவாகப் போதும். 0.2-இல் ஒன்றும் மாறாது, 0.7-ஐத் தாண்டினால் கையின் வடிவமே மாறத் தொடங்கும். அதற்கு முன், தூரிகையால் இரண்டு மூன்று கோடுகளைக் கையாலேயே கிறுக்கிவிடுவது நல்ல உபாயம். மாதிரி அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துணியாக்கிவிடும்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கும் இஸ்திரி மடிப்புதான் உண்மையான சோதனை. மாதிரி அதைப் பேனாவால் இழுத்த கருங்கோடாகவோ, தையலாகவோ வரைந்துவிடும். உண்மையில் அங்கே கோடே இல்லை. துணியின் தளம் திரும்புகிறது, அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் ஒரு படி வெளிச்சம், மறுபக்கம் ஒரு படி நிழல். இதைப் போட்டோஷாப்பில் கையால் செய்வதே சுலபம். சாம்பல் நிற அடுக்கு ஒன்றை `Soft Light` முறையில் வைத்து, மடிப்பின் ஒரு பக்கத்தை லேசாக வெளுப்பாக்கி, மறுபக்கத்தைக் கருமையாக்கலாம். முழங்கைக் கசங்கல் குறுக்கிடும் இடத்தில் மடிப்பு உடைந்து, சற்று விலகித் தொடர வேண்டும். அளவுகோல் வைத்தது போல நேராகப் போனால் அது அணிந்த சட்டை அல்ல.

சரிபார்க்கவும் அந்த வெளிச்சமே உதவும். ஒளி இடமிருந்து வந்தால், புடைத்த ஒவ்வொரு மேட்டுக்கும் இடச்சரிவு வெளுப்பாகவும் வலச்சரிவு கருமையாகவும் இருக்க வேண்டும். ஒரு கையில் மட்டும் அது தலைகீழானால், என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண் உறுத்தும். தையல் கோட்டையும் பார்க்க வேண்டும்: கசங்கல் அங்கே நிற்கும் அல்லது திசை மாறும்; தையலே இல்லாதது போல அதன் மேல் ஏறிப் போகாது.

கோடுபோட்ட சட்டையிலும் கட்டம் போட்ட சட்டையிலும் இந்த வழி பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. மடிப்புக்குள் போகும் கோடு மறைந்து, அடுத்த பக்கத்தில் விலகி வெளிவர வேண்டும். மாதிரியோ கோட்டை நேராகவே இழுத்துவிடும், அல்லது இரண்டு கோடுகளை ஒட்டிவிடும். அத்தகைய துணிக்கு நிஜச் சட்டையை அணிந்து, உட்கார்ந்து எழுந்து, அதே வெளிச்சத்தில் படமெடுத்து, அந்தக் கையை வெட்டி ஒட்டுவதுதான் விரைவான வேலை.